என் ரகசியத்தைச் சத்தமாகச் சொன்னவளுக்கு

ஏய்,

போனில் பேசினால் நான் அழுதுவிடுவேன், நீ உடனே "சாரிடி" என்பாய், விஷயம் அங்கேயே முடிந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை கணக்கு சார் வராத பீரியடில் எல்லோரும் டெஸ்க்கைச் சுற்றி உட்கார்ந்து விளையாடினோம். உன் முறை வந்தது. "கிளாஸில் யாருக்கு யாரைப் பிடிக்கும், ஒன்று சொல்லு" என்றார்கள். நீ உன்னைப் பற்றிச் சொல்லியிருக்கலாம், தெரியாது என்றிருக்கலாம். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு அவன் பெயரைச் சொன்னாய். அவன் இரண்டு பெஞ்ச் தள்ளித்தான் இருந்தான். அவனுக்கும் கேட்டது. அவன் காது சிவந்ததை எல்லோரும் பார்த்தார்கள்.

எனக்கு அவனை ஏன் பிடித்தது என்று உனக்கு மட்டும்தான் சொன்னேன். கெமிஸ்ட்ரி லேபில் பெர்மாங்கனேட் டைட்ரேஷன். மற்ற கரைசல்களுக்குப் பார்ப்பதுபோல பியூரெட்டில் கீழ்வளைவைப் பார்த்து ரீடிங் எழுதிக்கொண்டிருந்தேன். பெர்மாங்கனேட் அடர் ஊதா நிறம், கீழ்வளைவு சரியாகத் தெரியாது, மேல்மட்டத்தைத்தான் எடுக்க வேண்டும். சார் பின்னால்தான் நின்றிருந்தார். அவன் என் நோட்டைப் பார்த்தான். பக்கத்தில் வந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி "மேல பாரு" என்று சொல்லிவிட்டுப் போனான். அவ்வளவுதான் நடந்தது. அதைச் சொன்னபோது நீ என் கையைப் பிடித்துக்கொண்டு "செம டி" என்றாய். உன்னிடம் சொன்னது சரிதான் என்று அன்று நினைத்தேன். அதனால்தான் வெள்ளிக்கிழமை அவ்வளவு வலித்தது.

"சும்மா ஜாலிக்குத்தான் சொன்னேன், எல்லோரும் மறந்துடுவாங்க" என்று மெசேஜ் போட்டிருந்தாய். யாரும் மறக்கவில்லை. திங்கட்கிழமை போர்டில் எங்கள் இரண்டு பேரின் இனிஷியலும் இருந்தது. அவன் இப்போது ரெக்கார்டு நோட்டைக்கூட என்னிடம் நேராகத் தருவதில்லை, வேறொருவரிடம் கொடுத்தனுப்புகிறான். அவன்மேல் எனக்குக் கோபமில்லை, அவனும் மாட்டிக்கொண்டவன்தானே. ஆனால் அவனோடு சாதாரணமாகப் பேசுகிற அந்தச் சின்ன விஷயம் போய்விட்டது. அவனிடம் சொல்வதா, சொல்லாமலே விட்டுவிடுவதா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அதை முடிவு பண்ணுகிற உரிமை எனக்குத்தான் இருந்தது.

வீட்டு விஷயம் உனக்குத் தெரியும். நம் கிளாஸ் பெண்ணின் அம்மாவும் என் அம்மாவும் ஒரே தெரு. என் தம்பி இதே ஸ்கூலில் எட்டாவது. எங்கள் வீட்டுக்கு இது எட்டினால் "பிடித்திருக்கிறது" என்று போகாது, "சுற்றுகிறாள்" என்றுதான் போகும். போனை வாங்கி வைத்துவிடுவார்கள். சாயங்கால டியூஷனை நிறுத்துவார்கள், ஏனென்றால் அங்கே அவனும் வருகிறான். பன்னிரண்டாவதில் டியூஷன் நின்றால் எனக்கு என்ன ஆகும் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவன் வீட்டில் ஒரு திட்டோடு முடிந்துவிடும். இந்த வித்தியாசம் ஒரு பெண்ணாக உனக்கும் தெரிந்ததுதானே?

நீ என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாய் அல்லவா, சொல்கிறேன். எல்லோர் முன்னாலும் மன்னிப்பு கேட்காதே, அது இதே பேச்சை மறுபடி ஆரம்பித்துவிடும். "நான் பொய் சொன்னேன்" என்றும் சொல்லாதே, யாரும் நம்பமாட்டார்கள், எனக்கும் பொய் பிடிக்காது. அவனிடம் போய் எனக்காகப் பேசவே பேசாதே. கிண்டல் ஆரம்பிக்கிற அந்த மூன்று பேரும் உன் கேங்தான். ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு, "நான் சொல்லியிருக்கக் கூடாது, இனி இதைப் பேசாதே" என்று சொல். நீ சொன்னால் கேட்பார்கள். நான் சொன்னால் இன்னும் சிரிப்பார்கள். குரூப்பில் யாராவது ஹார்ட் போட்டால் நீ சிரிக்கிற எமோஜி போடாதே. நேற்று போட்டிருந்தாய், பார்த்தேன்.

அப்புறம் ஒன்று. உன் அப்பா வேலையைப் பற்றி நீ என்னிடம் சொன்னது என்னோடுதான் இருக்கும். நாம் பேசாமல் போனாலும் அது வெளியே வராது. அதை நினைத்து நீ பயப்பட வேண்டாம்.

பழைய மாதிரி உன்னிடம் எல்லாவற்றையும் சொல்ல இப்போது என்னால் முடியாது. எப்போது முடியும் என்றும் தெரியவில்லை. ஆனால் பேசாமல் இருக்க எனக்கு விருப்பமில்லை. வியாழக்கிழமை லேப் இருக்கிறது, அவனும் அதே பேட்ச். அதற்கு முன்னால் அந்த மூன்று பேரிடமும் பேசிவிட்டு எனக்கு ஒரு மெசேஜ் போடு. லேபில் உன் பக்கத்திலேயே நிற்கிறேன்.

உன் பெஞ்ச்மேட்