கவரைத் திருப்பி வாங்குவது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'ஆன்லைன் பார்சல் குப்பைக்கு மக்களின் அலட்சியமே காரணம்' என்று சென்ற ஞாயிறு இதழில் எழுதியிருந்தீர்கள். நன்றி. குற்றவாளி யாரென்று தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தோம்.

நான் அஞ்சல் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். துணியில் தைத்து அரக்கு முத்திரை வைத்த பார்சல்களை எடை போட்ட கை இது. இன்று பேத்திக்கு ஒரு ஜோடி தோடு வந்தாலும் பிளாஸ்டிக் கவருக்குள் கவர், அதற்குள் பபுள் ஷீட். தங்கள் ஆண்டு மலரும் பிளாஸ்டிக் உறைக்குள்தான் வந்தது, ஷாம்பு பாக்கெட்டோடு.

அலட்சியம் என்கிறீர்களே, கவர்களைச் சேர்த்து மஞ்சக்குப்பம் காயலான் கடைக்குக் கொண்டுபோனேன். அட்டைப்பெட்டியை வாங்கிக்கொண்டவர் கவரைத் தொடவில்லை. அவர் சொன்னது நியாயம்தான். நடுத்தரக் கவர் ஒன்று பதின்மூன்று கிராம் இருக்கும். ஒரு கிலோ சேர எழுபதுக்கு மேல் வேண்டும். ஒவ்வொன்றிலும் காகித லேபிள். உருக்கும்போது அது கருகி மெஷினின் சல்லடையை அடைக்கும், உருக்கி எடுக்கும் பிளாஸ்டிக் குருணையில் கருப்புப் புள்ளி விழும், விலை போகாது. வெளியே காகிதம், உள்ளே பபுள் ஷீட் ஒட்டிய உறை இன்னும் மோசம். பிரிக்கக் கூலி கட்டாது என்பதால் காகிதக்காரரும் வாங்குவதில்லை, பிளாஸ்டிக்காரரும் வாங்குவதில்லை. அதன்மேல்தான் பச்சை இலைப் படம் போட்டிருக்கிறார்கள்!

2022-ன் பிளாஸ்டிக் கழிவு விதிகளின்படி பொட்டலம் கட்டி விற்பவருக்கே பொறுப்பு என்பது தாங்கள் அறியாததல்ல. ஆனால் என் வீட்டுக் கவரை அவர் எடுக்க வேண்டியதில்லை. அதே வகைப் பிளாஸ்டிக்கை எங்கோ மறுசுழற்சி செய்த ஆலையிடம் சான்றிதழ் வாங்கினால் கணக்கு நேராகிவிடும். அந்தச் சான்றிதழிலும் லட்சக்கணக்கில் போலி என்று 2023-ல் செய்தி வந்தது. என் கவர் கெடிலம் ஆற்றங்கரையில் கிடக்கிறது. அந்தக் கரையைப் பற்றி நான் எழுதிய கடிதத்தைத் தாங்கள் வெளியிடவில்லை. சரி, இருக்கட்டும்.

சட்டை அளவு சேராவிட்டால் வீடு தேடி வந்து எடுத்துப்போகும் டெலிவரி தம்பியிடம் காலிக் கவரை நீட்டினேன். "ஹப்புல வாங்க மாட்டாங்க சார், ஸ்கேன் ஆகாது" என்றார். ஸ்கேன் ஆக வைக்க என்ன தடை? காலி மது பாட்டிலுக்குப் பத்து ரூபாய் திருப்பித் தரும் ஏற்பாட்டை 2022-ல் நீலகிரியில் தொடங்கினார்களே! ஆர்டரிலேயே கவருக்கு ஐந்து ரூபாய் பிடித்து, திருப்பிக் கொடுத்ததும் கணக்கில் போடட்டும். லேபிளையும் கவர் செய்த அதே பிளாஸ்டிக்கில் செய்து ஒட்டினால் வெட்டி எடுக்கும் வேலை இருக்காது. ஹப்பில் ஒரு மூட்டை நிறைந்ததும் பார்சல் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் லாரியிலேயே ஏற்றலாம்.

அதெல்லாம் பெரியவர்கள் பாடு. தங்கள் நிருபரை நம் ஊர் ஹப்புக்கு ஒரு முறை அனுப்பி, போன மாதம் இங்கிருந்து திரும்பிப்போன கவர் எத்தனை கிலோ என்று கேட்டு வெளியிட வேண்டுகிறேன். அப்படியே, அடுத்த மலரை எனக்கு உறையில்லாமல் அனுப்பவும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அஞ்சல் ஊழியர்,
மஞ்சக்குப்பம், கடலூர்