சேற்றுப்புண்ணுக்குக் களிம்பு கொடுக்கும் முன் கொஞ்சம் சுரண்டிப் பாருங்கள்

மதிப்பிற்குரிய பொது சுகாதாரத் துறை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். நான் மன்னார்குடி வட்டாரத்துக்காரன். ஆரம்ப சுகாதார நிலையங்களில் லேப் டெக்னீசியனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் வீட்டில் அண்ணி முதல் அத்தை வரை நடவுக்குப் போனவர்கள். சேற்றுப்புண்ணை வீட்டிலும் பார்த்திருக்கிறேன், மைக்ராஸ்கோப்பிலும் பார்த்திருக்கிறேன் என்பதால் இதை எழுதலாம் என்று தோன்றியது.

போன சம்பா நடவின்போது ஒரே வரப்பில் உட்கார்ந்து கஞ்சி குடித்த இரண்டு பேருடைய கால்களைச் சொல்கிறேன்.

ஒன்று என் அண்ணியின் கால். பதினொரு நாள் இடைவிடாமல் நடவு. மூன்றாம் நாள் சாயங்காலமே இரண்டு பாதமும் எரிய ஆரம்பித்துவிட்டது. "அரிப்பு இல்ல தம்பி, மொளகா அரைச்ச கை மாதிரி காந்துது" என்றார். சேறு எதுவரை ஏறியதோ அதுவரை, கணுக்காலுக்கு மேல் நான்கு விரற்கடை உயரத்தில் கோடு கிழித்தாற்போல் சிவப்பு நின்றது. இடது, வலது என்று வித்தியாசமில்லை. பாதத்தின் மேற்புறம் மெல்லிய ஏடாக உரிந்தது. விரலிடுக்கு ஊறி வெளுத்திருந்ததே தவிர வெடிப்பு இல்லை.

இன்னொன்று அவரோடு நடவுக்கு வரும் பக்கத்துத் தெரு அக்காவின் கால். அவருக்கு வலது காலில் சுண்டுவிரலுக்கும் அதற்கடுத்த விரலுக்கும் நடுவில்தான் தொல்லை. தோல் வெள்ளையாக நைந்து, பிதுக்கினால் சீஸ் மாதிரி கழன்று வருகிறது. ராத்திரி ஆனால் சொறியாமல் தூக்கம் வராது. இடது காலில் பாதிகூட இல்லை. பாதத்தின் ஓரத்தில் வளைவாக ஒரு செதில் விளிம்பு, பெருவிரல் நகம் மஞ்சளாகத் தடித்திருக்கிறது. முக்கியமான விஷயம், இது நடவோடு வந்ததல்ல. கோடையில் கொஞ்சம் அடங்கும், தண்ணீர் வந்தால் கிளம்பும். மூன்று வருஷமாக இதே கதை.

இரண்டு பேரும் ஒரே நாளில் சுகாதார நிலையத்துக்குப் போனார்கள். இரண்டு பேருக்கும் "சேத்துப்புண்தானே" என்று ஒரு பார்வை, ஒரே சீட்டு. ஸ்டாக் இல்லை என்று வெளியே எழுதிக் கொடுத்ததால் மெடிக்கலில் ஒரே களிம்பு வாங்கினார்கள். பூஞ்சைக்கு ஒன்று, கிருமிக்கு ஒன்று, கூடவே குளோபெட்டசால் என்ற வீரியமான ஸ்டீராய்டு என எல்லாம் ஒரே ட்யூபில் கலந்தது. எந்த நிலையம், எந்த மருத்துவர் என்று சொல்லப் போவதில்லை. கூட்டம் முண்டும் காலையில் நானே அந்த நாற்காலியில் இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேனோ என்னவோ.

அண்ணிக்கு நான்கே நாளில் சரியாகிவிட்டது. அதில் பாதி பெருமை களிம்புக்கு, பாதி மழைக்கு. மழையால் நடவு நின்று கால் காய்ந்தது. அக்காவுக்கு முதல் வாரம் அரிப்பு சுத்தமாகக் காணோம். சந்தோஷமாக நிறுத்தினார். பத்தாம் நாள் திரும்ப வந்தது. மறுபடி அதே ட்யூபைத் தடவினார். ஆறு வாரத்தில் பாதத்தின் மேற்புறம் முழுக்க ஏறி, இடுப்பில் பாவாடை நாடா இறுக்கும் இடத்திலும் ஒரு படை வந்துவிட்டது. காலைத் தொட்ட கையால்தானே நாடாவைக் கட்டுகிறோம்.

இது ஏன் இப்படி ஆகிறது என்பது உங்களுக்குத் தெரியும். படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அக்காவின் காலில் இருந்தது பூஞ்சை. அதை அடக்குவதற்காக நம் உடம்பு செய்கிற சண்டையின் அறிகுறிதான் அந்தச் சிவப்பும் அரிப்பும். ஸ்டீராய்டு அந்தச் சண்டையை நிறுத்திவிடுகிறது. அரிப்பு போகும், பூஞ்சை போகாது. எதிர்ப்பு இல்லாத இடத்தில் நிம்மதியாகப் பரவும். வட்ட விளிம்பும் மங்கிவிடுவதால் அடுத்த மருத்துவருக்கும் அது படை என்று அடையாளம் தெரியாமல் போகும். கூடவே பூஞ்சை மருந்தும் இருக்கிறதே என்றால், ஐந்து நாள் தடவி நிறுத்தினால் அது பூஞ்சையைக் கொல்லாது. 2018-இல் பல ஸ்டீராய்டு களிம்புகளை எச் அட்டவணையில் சேர்த்து, சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு சொன்னது. எங்கள் ஊர் மெடிக்கலில் "அந்தப் பச்சை டப்பா" என்றால் எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள்.

அண்ணியின் காலில் நடந்தது வேறு. மணிக்கணக்கில் தண்ணீரில் ஊறினால் தோலின் மேல் ஏடு உப்பி, அதன் எண்ணெய்ப் பசை போய், காவல் இல்லாத வீடு மாதிரி ஆகிவிடும். அதற்குமேல் என்ன பட்டாலும் எரியும். எங்கள் பக்கம் நடவுக்குச் சற்று முன்னால் ஏக்கருக்குப் பத்து கிலோ துத்தநாக சல்பேட்டை மணலில் கலந்து சேற்றின் மேல் தூவுவார்கள். வேளாண் துறை சொல்லும் அளவுதான், பயிருக்கு அது வேண்டும். ஆனால் தூவிய அரை மணியில் அதே சேற்றில் ஊறிய காலோடு இறங்குவது பெண்கள். மணல் உரசுகிறது, உப்பு எரிகிறது. களைக்கொல்லி போட்ட வயலில், நாற்று செத்த இடத்தில் மறுபடி நட இறங்கினாலும் இப்படி வரலாம். அண்ணியைக் கேட்டபோது எரிச்சல் ஆரம்பித்த நாள் துத்தநாகம் தூவிய பண்ணை வயலில் இறங்கிய நாள் என்று சரியாக நினைவு வைத்திருந்தார். யாரும் அவரை அதுவரை கேட்கவில்லை.

அக்காவை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லி, பழைய பழக்கத்தில் சுரண்டி எடுத்தேன். நான் வேலையில் இருந்த காலத்தில் என் மேஜையில் எப்போதும் பத்து சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு இருக்கும். நூறு மில்லி தண்ணீருக்குப் பத்து கிராம், பிளாஸ்டிக் பாட்டிலில். கண்ணாடி மூடி போட்டால் ஒட்டிக்கொண்டு கழற்ற முடியாது. ஸ்பிரிட்டால் துடைத்து, பிளேடின் மழுங்கிய பக்கத்தால் செதிலைச் சுரண்டி, ஸ்லைடில் ஒரு சொட்டு விட்டு, கவர் சிலிப் மூடி, கால்மணி நேரம் விட்டால் தோல் கரைந்து கண்ணாடி மாதிரி ஆகிவிடும். வெளிச்சத்தைக் குறைத்து முதலில் பத்து மடங்கு லென்ஸில், அப்புறம் நாற்பது மடங்கில் பார்த்தால், குறுக்குச் சுவர் போட்டுக் கிளைவிட்ட நூல்கள் தோல் செல்களை மதிக்காமல் நீண்டு ஓடுவது தெரியும். மலேரியா ஸ்லைடும் சளி ஸ்லைடும் பார்க்கிற அதே மைக்ராஸ்கோப் போதும். லென்ஸில் அந்தத் திரவம் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு எச்சரிக்கை. விரலிடுக்கில் வெள்ளையாக நைந்ததை எடுத்தால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. பாதத்தின் ஓரத்தில் காய்ந்த செதில் விளிம்பில் எடுக்க வேண்டும். நானும் முதல் ஸ்லைடை இடுக்கிலிருந்து எடுத்து ஏமாந்தேன், இரண்டாவதில்தான் நூல் கிடைத்தது. ஸ்லைடில் இல்லை என்பதால் பூஞ்சை இல்லை என்று ஆகாது. பல பேருக்குப் பூஞ்சையும் சேற்று எரிச்சலும் சேர்ந்தே இருக்கும். அதனால் சந்தேகம் இருந்தால் எதைத் தப்பாகக் கொடுப்பது மேல் என்று பார்க்க வேண்டும். வெறும் எரிச்சல் காலுக்கு குளோட்ரிமசோல் தடவினால் பெரிய நஷ்டம் இல்லை. பூஞ்சைக் காலுக்கு குளோபெட்டசால் தடவினால் அக்காவின் இடுப்பு மாதிரி ஆகும்.

ஆகவே என் முதல் கோரிக்கை: சம்பா, குறுவை நடவு மாதங்களில் டெல்டா நிலையங்களில் ஸ்டீராய்டு கலக்காத ஒரு சதவீத குளோட்ரிமசோல் கையிருப்பில் இருக்க வேண்டும். அதையும் ஒரு ட்யூப் கொடுத்து அனுப்பக் கூடாது. இரண்டு காலின் இடுக்குக்கும் ஓரத்துக்கும் ஒரு வேளைக்கு ஒரு கிராம் ஆகும். காலை, மாலை என்றால் பதினைந்து கிராம் ட்யூப் ஒரு வாரம். தடவ வேண்டியது நான்கு வாரம். ஒரு ட்யூப் கொடுத்துவிட்டு "குணமாகல" என்று கேஸ் ஷீட்டில் எழுதுவது நியாயமில்லை. பழைய விட்ஃபீல்டு களிம்பு (பென்சோயிக் அமிலமும் சாலிசிலிக் அமிலமும்) மலிவானது, தடித்த உள்ளங்காலுக்கு நன்றாகக் கேட்கும். இடுக்கில் வெடிப்பு இருந்தால் மட்டும் எரியும் என்று சொல்லிக் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது, அந்தப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு பாட்டில். லேப் மேஜைகளில் மறுபடி வைக்கச் சொல்லி ஒரு சுற்றறிக்கை போதும். பொருளின் விலை அறிக்கையின் தாள் விலைக்குப் பக்கத்தில்தான் வரும்.

மூன்றாவது, நேரம். காலையில் சீட்டு போடுகிற நேரத்தில் நடவுப் பெண்கள் வயலில் நிற்கிறார்கள். மதியம் இரண்டு மணிக்குமேல் கரையேறி, குளித்து, நிலையத்துக்கு வந்தால் மருத்துவர் இருப்பதில்லை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை மாத்திரையோடு வீட்டுக்கு வருகிற தன்னார்வலர்கள், அந்தப் பெண்ணின் விரலிடுக்கை ஒரு நிமிடம் விரித்துப் பார்க்கலாமே. சர்க்கரைக்காரருக்கு அந்த வெடிப்புதான் கிருமி நுழையும் கதவு. கும்பகோணம் சுற்றுவட்டத்தில் யானைக்கால் வந்த கால் உள்ளவர்களுக்கும் அப்படித்தான். நெறி கட்டிக் குளிர்க் காய்ச்சல் வந்து கால் இன்னும் ஒரு சுற்று பெருப்பதற்குப் பெரும்பாலும் இடுக்கில் புகுந்த கிருமிதான் காரணம். அந்தக் கிருமிக்குக் கொசு தேவையில்லை.

கம்பூட் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. யாரோ ஒரு முறை கொடுத்தார்கள். நடவுச் சேற்றில் காலை உருவினால் பூட் உள்ளேயே நின்றுவிடும். மேலே சேறு நுழைந்தால் உள்ளே நாள் முழுக்க ஊறல்தான். அதைவிட, சாப்பாட்டு நேரத்தில் வாய்க்கால் தண்ணீரில் இல்லாமல் குழாய்த் தண்ணீரில் கழுவி, பழைய வேட்டித் துணியால் விரலிடுக்கைத் துடைத்து அரைமணி வெயிலில் நீட்டி உட்கார்வது உதவும். இறங்கும் முன் தேங்காயெண்ணெயோ வாசலினோ பூசுவதும் எரிச்சலுக்கு நல்லது, பூஞ்சையை அது கொல்லாது. மருதாணி அரைத்து வைப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். மயில்துத்தமும் மண்ணெண்ணெயும் போட்டு வெந்துபோன கால்களைப் பார்த்திருக்கிறேன், அதை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள்.

அக்காவுக்கு ட்யூபை நிறுத்தி, மருத்துவரைப் பார்க்க வைத்து, குளோட்ரிமசோல் நான்கு வாரம் ஓடியது. இடுப்பில் இருந்தது மறைந்துவிட்டது, விரலிடுக்கு மூடிவிட்டது, நகம் இன்னும் மஞ்சள்தான். தாளடி நடவுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். திங்கட்கிழமை இறங்குகிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்பநர் ஒருவர்,
மன்னார்குடி வட்டம்