விற்க முன்னமே கைக்கு வரும் காசைச் சொல்லுங்கள்

பாவித்த பொருட்களை இணையத்தில் விற்றுத் தரும் சந்தைத் தளத்தின் பொறுப்பாளர்களுக்கு, திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஒரு தையற்காரி எழுதிக்கொள்வது.

என் முறைப்பாட்டுக்கு நீங்கள் அனுப்பிய பதில் கிடைத்தது. “கட்டணங்கள் யாவும் விதிமுறைகளின்படி சரியாகக் கழிக்கப்பட்டுள்ளன” என்று எழுதியிருந்தீர்கள். மறுமொழி தந்ததற்கு நன்றி. ஆனால் கணக்குப் பிழை என்று நான் எழுதவே இல்லை. மருமகளை வைத்து இரண்டு தரம் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டேன், சதக்கணக்குக்குக்கூடச் சரிதான். நான் கேட்டது வேறு. இந்தச் சரியான கணக்கை, விற்பதற்கு நான் சம்மதிக்க முன்னம் ஏன் காட்டவில்லை என்று கேட்டேன். அதற்கு இன்னும் பதில் வரவில்லை.

நான் விற்றது மேசையில் வைத்துத் தைக்கிற பழைய மின்சாரத் தையல் மெசின். 18,000 ரூபா என்று போட்டேன். கொழும்பிலிருந்து ஒருவர் 16,500க்குக் கேட்டார். உங்கள் திரையில் பச்சைப் பொத்தான் ஒன்று வந்தது, அதற்கு மேல் 16,500 என்ற எண் மட்டும் பெரிதாக நின்றது. உங்கள் தரகு நூற்றுக்குப் பத்து என்பது எனக்குத் தெரியும். 1,650 போனால் 14,850 மிஞ்சும் என்று மனக்கணக்குப் போட்டுப் பொத்தானை அழுத்தினேன். வங்கிக்கு வந்தது 13,610.

அந்த 1,240 ரூபா உங்களுக்குப் பெரிய காசில்லை. எனக்கு அது என்ன செய்தது என்று சொல்லிவிடுகிறேன். மத்திய வீதியில் ஒரு கடையில் பாவித்த ஓவர்லொக் மெசின் ஒன்றை 30,000க்குப் பேசி, 5,000 முற்பணமும் கொடுத்து வைத்திருந்தேன். கையில் இன்னும் 10,000 இருந்தது. 14,850 வந்தால் குறையும் 150ஐ விட்டுத் தருகிறேன் என்று முதலாளி சொல்லியிருந்தார். காசு வந்த அன்றைக்கே ஓட்டோவும் பிடித்துக்கொண்டு போனேன், மெசினை ஏற்றி வரலாமென்று. மேசையில் எண்ணி வைத்தபோது குறைந்தது. “பரவாயில்லை அக்கா, மிச்சத்தைக் கொண்டுவந்து எடுங்கோ” என்று அந்த மனிசன் தன்மையாகத்தான் சொன்னார். ஏற்றி வைத்த மெசினை ஓட்டோக்காரப் பெடியன் திரும்ப இறக்கினான். ஒன்பது நாள் கழித்துத்தான் அதை வீட்டுக்குக் கொண்டுவர முடிந்தது. பள்ளிக்கூடம் தொடங்குகிற காலம். ஓரம் அடிக்க வழியில்லாமல், வெட்டி வைத்த சட்டைத் துணிகளை அடுத்த தெருத் தையற்கடைக்குக் கொடுத்துவிட்டேன். அந்தக் கூலியும் அங்கேதான் போனது.

இனி அந்த 1,240 எங்கே போனது என்று பார்ப்போம். வாங்கினவர் உங்களுக்குக் கட்டியது 16,500 அல்ல. கூரியர் செலவு 1,000 சேர்த்து 17,500. உங்கள் பத்து வீதம் அந்த 17,500க்குத்தான் விழுந்தது. அதாவது 1,750. அந்தத் தரகுக்கு மேல் வற் வரி நூற்றுக்குப் பதினெட்டு, அது 315. காசு வாங்கிக் கொடுத்த செலவென்று மூன்று வீதம், 525. கடைசியாகக் கூரியருக்கு 1,300. இத்தனையும் போக 13,610.

எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்துக் குற்றம் சொல்ல நான் வரவில்லை. வற் வரி அரசாங்கத்துக்குப் போவது, உங்களைக் கேட்டுப் பலனில்லை. மூன்று வீதத்தையும் விளங்கிக்கொள்கிறேன், வாங்கினவர் வங்கி அட்டையில் 17,500 கட்டினால் வங்கி 17,500க்குத்தானே வெட்டும். ஆனால் தரகு எதற்கு? ஆள் பிடித்துத் தந்ததற்கு. நான் விற்றது மெசினை, கூரியரை அல்ல. அந்த 1,000 ரூபா என் கையில் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை, வாங்கினவர் தந்தார், கூரியர்காரர் எடுத்தார். நடுவில் அதற்கும் 100 ரூபா தரகும் 18 ரூபா வரியும் என் கணக்கில் எழுதினீர்கள்.

118 ரூபாதானே என்பீர்கள். மெசினுக்கு அப்படித்தான். என் தங்கச்சி பிள்ளைக்குச் சின்னதாய்ப் போன சட்டைகளைக் கட்டாக 1,500க்கு விற்கப் போகிறாள் என்று வையுங்கள். இங்கிருந்து அனுப்ப 500. உங்கள் தரகு, வரி, மூன்று வீதம் மூன்றும் 2,000 ரூபாவின் மேல் விழுந்தால் 296 ரூபா. அவள் விற்ற விலையில் அது கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு. பொருள் மலிய மலிய, ஊர் தூரமாகத் தூரமாக, உங்கள் பத்து வீதம் இப்படித்தான் ஊதிக்கொண்டு போகிறது. அதே சட்டைக் கட்டைக் கொழும்பில் இருப்பவர் கொழும்புக்குள்ளேயே அனுப்பினால் கூரியர் குறைவு, ஆகவே தரகும் குறைவு. திருகோணமலையில் பிறந்ததற்கும் ஒரு கொமிஷன் உண்டென்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

கூரியர் விஷயம் இன்னும் வேடிக்கை. வாங்கினவரிடம் 1,000 வாங்கியபின் என்னிடம் 1,300 எப்படிக் கழிந்தது? விளம்பரம் போடும்போது நீங்கள் கேட்டது நிறையை மட்டும். பொதியோடு சேர்த்து 7 கிலோ. முதல் கிலோவுக்கு 400, அதற்கு மேல் கிலோவுக்கு 100, ஆக 1,000 என்று நீங்களே கணக்குப் பார்த்து வாங்கினவருக்குக் காட்டினீர்கள். பெட்டி கூரியர் நிலையத்துக்குப் போனபின் அது 10 கிலோ ஆகிவிட்டது. தராசு பழுதோ என்றுதான் முதலில் நினைத்தேன். மருமகள்தான் விவரத்தாளைப் பார்த்துச் சொன்னாள்: “மாமி, அவை பெட்டியை நிறுக்கேல்ல, அளந்திருக்கினம்.”

விஷயம் இதுதான். பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்ரிமீற்றரில் பெருக்கி 5,000ஆல் வகுக்கிறார்கள். அதில் வருகிற எண்ணும் தராசு காட்டுகிற எண்ணும் எது கூடவோ அதற்குக் காசு. லொறியில் இடத்தைப் பிடிக்கிற பெட்டிக்கு இடத்துக்கேற்ற கூலி கேட்பது உலகம் முழுக்க உள்ள வழக்கம்தானாம், அதில் நியாயமும் இருக்கிறது. என் மெசின் 40 நீளம், 20 அகலம், 28 உயரம். “சுற்றிவர 4 சென்ரிமீற்றர் மெத்தை வைத்துப் பொதி செய்யவும்” என்று அறிவுரை தந்தவர்கள் நீங்கள். சொன்னபடியே நான்கு பக்கமும் மேலும் கீழும் பஞ்சு அடைத்தேன். பெட்டி 48க்கு 28க்கு 36 ஆனது. பெருக்கி வகுத்தால் 9.68, மேல்நோக்கி முழுதாக்கினால் 10 கிலோ. மெத்தையை 2 சென்ரிமீற்றராக வைத்திருந்தால் 6.76, அதாவது தராசு சொன்ன அதே 7 கிலோவோடு போயிருக்கும். உங்கள் சொல்லைக் கேட்டுப் பஞ்சு வைத்ததற்கு 300 ரூபா கட்டியிருக்கிறேன். பெட்டி, பஞ்சு, ரேப் வாங்கிய 480ஐயும் பெட்டியை ஏற்றிப் போன ஓட்டோ 300ஐயும் இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை. சேர்த்தால் 18,000க்குப் போட்ட மெசின் எனக்குத் தந்தது 12,830.

மெல்லிய மெத்தை வைத்து மெசின் உடைந்திருந்தால் அந்தப் பழியும் என் தலையில்தான் விழுந்திருக்கும் என்பதை அறிவேன். ஆகவே பஞ்சைக் குறைக்கச் சொல்லவில்லை. நிறையைக் கேட்கிற இடத்தில் நீள அகல உயரத்தையும் கேளுங்கள் என்கிறேன். மூன்று கட்டம் கூட வைத்தால் அந்த 1,300ஐ முதலே வாங்கினவருக்குக் காட்டியிருக்கலாம்.

இந்த விவரமெல்லாம் உங்கள் தளத்தில் இல்லாமலில்லை. இருக்கிறது. மூன்று பட்டியலுக்குள் நுழைந்து, ஒரு கோப்பை இறக்கி, அதில் இரண்டாம் பக்கத்தைப் பார்த்தால் இருக்கிறது, முழுக்க ஆங்கிலத்தில். தமிழ் என்றொரு பொத்தானும் வைத்திருக்கிறீர்கள். அழுத்திப் பார்த்தேன். முகப்பில் “வணக்கம்” வந்தது, அதோடு தமிழ் முடிந்தது. இந்த நாட்டில் தமிழும் அரச கரும மொழி என்று 1987ஆம் ஆண்டே அரசியலமைப்பில் எழுதியாயிற்று. நீங்கள் தனியார், உங்களை அது கட்டாது, தெரியும். ஆனால் வணக்கத்தை எங்கள் மொழியில் சொல்லி, கழிவை உங்கள் மொழியில் கழித்தால் மனசு கொஞ்சம் கசக்கத்தான் செய்கிறது. மன்னியுங்கள், சொல்ல வந்ததை விட்டு எங்கேயோ போய்விட்டேன்.

நான் கேட்பது ஒரேயொரு வரி. அந்தப் பச்சைப் பொத்தானுக்கு மேல், வாங்குகிறவர் கேட்கும் விலைக்குக் கீழே, “உங்கள் கைக்கு வருவது இவ்வளவு” என்று ஓர் எண். தரகும் வரியும் காசுச் செலவும் கூரியரும் போன பின்னால் மிஞ்சுகிற எண். உங்களிடம் அது இல்லாமல் இல்லையே, காசு அனுப்புகிற நாளில் சதக்கணக்காய்த் தெரிகிறதே. ஆறு நாள் முன்னதாகக் காட்டச் சொல்கிறேன், அவ்வளவுதான். அன்றைக்கு அந்த எண் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்றும் மருமகள் கணக்குப் போட்டாள். என் கைக்கு 14,850 வரவேண்டுமானால் மெசினை 17,955க்கு விற்றிருக்க வேண்டும். நான் முதலில் போட்ட விலை 18,000. தெரியாமலே சரியான விலையைப் போட்டுவிட்டு, உங்கள் திரையை நம்பி இறங்கியிருக்கிறேன்.

அந்த 1,240ஐத் திருப்பித் தாருங்கள் என்று நான் கேட்கவில்லை. சம்மதித்தவள் நான்தான், பொத்தானை அழுத்திய விரலும் என்னுடையதுதான். தயவு செய்து, அடுத்தவள் அழுத்த முன்னம் அந்த எண்ணைக் காட்டுங்கள். கூரியர் காசுக்குத் தரகு எடுப்பதையும் ஒருமுறை யோசித்துப் பாருங்கள். இரண்டில் ஒன்றுதான் முடியுமென்றால் முதலாவதைச் செய்யுங்கள்.

வீட்டில் இன்னொரு மெசின் இருக்கிறது, காலால் மிதிக்கிறது, இரும்பு மேசையோடு. படம் எடுத்து வைத்திருக்கிறேன், விளம்பரம் எழுதியும் முடிந்தது, பிரசுரிக்கிற பொத்தானை மட்டும் இன்னும் அழுத்தவில்லை. அந்த மேசையின் நீள அகலத்தை அளந்து பார்த்தபோது கொஞ்சம் பயந்துபோனேன். உங்கள் பதிலைப் பார்த்துத்தான் அதை இங்கே போடுவதா, பாலையூற்றில் பழைய இரும்பு எடுக்கிறவரைக் கூப்பிடுவதா என்று முடிவெடுக்க வேண்டும். அவர் வாசலில் வைத்தே நிறுத்து, சொன்ன காசைக் கையில் தந்துவிட்டுப் போவார்.

மரியாதையுடன்,
உப்புவெளித் தையற்காரி