46 சதவீதத்துக்குப் பின்: திருத்தி எழுதிய அசைன்மென்ட்டோடு ஒரு திறந்த மடல்

பாட ஆசிரியர் அவர்களுக்கும், துறையின் மதிப்பீட்டுக் குழுவினருக்கும்,

வணக்கம். வெப்பநிலை அமைலேஸ் நொதியின் வேலையை எப்படி மாற்றுகிறது என்ற ஆய்வக அறிக்கையைத் திருத்தி எழுதி இந்த மடலோடு இணைத்திருக்கிறேன். முதலில் கொடுத்த பிரதிக்கு, அதை மற்றவர்களின் எழுத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் மென்பொருள் காட்டிய ஒப்புமை 46 சதவீதம். 20-க்குக் கீழே கொண்டுவந்து மறுபடி சமர்ப்பிக்கும்படி எழுதியிருந்தீர்கள். இப்போது இணைத்திருக்கும் பிரதியின் ஒப்புமை 21. என்னிடம் 17 காட்டிய ஒரு பிரதியும் இருந்தது. அதை ஏன் அனுப்பவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். வகுப்பில் இதேபோல ஒப்புமை அறிக்கை வந்த மற்றவர்களுக்கும் இது பொருந்தும் என்பதால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

முதலில் அந்த 46. மென்பொருள் தந்த ஒப்புமை அறிக்கையைத் திறந்து, அது நிறமிட்ட ஒவ்வொரு வரியையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டே போனேன். துணைநூற்பட்டியல் மட்டும் 9 சதவீதம். ஒரு கட்டுரையின் தலைப்பையும் இதழின் பெயரையும் எல்லோரும் ஒரே மாதிரிதான் எழுத முடியும், அதனால் அது ஒத்துப்போகத்தான் செய்யும். நீங்கள் கொடுத்த வினாவையும் முகப்புப் பக்கத்தையும் அப்படியே மேலே ஒட்டியிருந்தேன், அது 5. மேற்கோள்கள் 4. அவற்றை ஒற்றை மேற்கோள் குறிக்குள் போட்டிருந்தேன். நம் மென்பொருள் இரட்டைக் குறியைத்தான் மேற்கோளாக எடுத்துக்கொள்கிறது, அதனால் மேற்கோள்களைக் கணக்கிலிருந்து விலக்கும் வசதி வேலை செய்யவில்லை. செய்முறைப் பகுதி 8. ஆய்வகக் கையேட்டிலிருந்த படிகளை எல்லோரும் எழுதியிருப்பதால், பக்கத்து மாணவர்களின் பிரதிகளோடு அது ஒத்திருந்தது.

இத்தனையும் கழித்தால் மிச்சம் 20. அந்த இருபதுக்கு எந்தச் சமாதானமும் இல்லை. முன்னுரையில் இரண்டு பாரா, முடிவுகளை விவாதிக்கும் பகுதியில் ஒரு பாரா. மூன்றுமே வேறொருவரின் வாக்கியங்கள். ஒவ்வொரு பாராவின் கடைசியிலும் மூலத்தைக் குறிப்பிட்டிருந்தேன். ஆனால் அந்தக் குறிப்பு, கருத்து எங்கிருந்து வந்தது என்று மட்டும்தான் சொல்கிறது. சொற்களும் அவருடையவை என்று அது சொல்லாது. படிப்பவர் அவை என் சொற்கள் என்றுதான் நினைப்பார்.

இது எப்படி நேர்ந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். கட்டுரைகளைப் படிக்கும்போது பிடித்த வரிகளை ஒரு கோப்பில் நகலெடுத்து ஒட்டினேன். மேற்கோள் குறி போடவில்லை, பக்க எண்ணும் எழுதவில்லை. இடையிடையே என் சொந்தக் குறிப்புகளும் அதே எழுத்துருவில், அதே நிறத்தில் இருந்தன. இரண்டு வாரம் கழித்து அறிக்கை எழுத உட்கார்ந்தபோது எது யாருடையது என்று எனக்கே தெரியவில்லை. தெரியாதபோது மூலத்தைத் திறந்து பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை.

சரி, 17 காட்டிய பிரதிக்கு வருகிறேன். உங்கள் மின்னஞ்சல் வந்த அன்று இரவே திருத்த உட்கார்ந்தேன். மூல வாக்கியம் இது:

“வெப்பநிலை உயரும்போது நொதி மூலக்கூறுகளின் இயக்க ஆற்றல் கூடுவதால் அவை வினைபடு பொருளோடு மோதும் வாய்ப்பும் கூடுகிறது, உகந்த வெப்பநிலையைத் தாண்டியதும் நொதியின் அமைப்பு சிதைந்து அது செயலிழக்கிறது.”

அன்று இரவு நான் மாற்றி எழுதியது இது:

“வெப்பம் அதிகரிக்கையில் நொதித் துகள்களின் அசைவாற்றல் மிகுவதால் அவை வினைப்பொருளைத் தாக்கும் சாத்தியமும் மிகுகிறது, ஏற்ற வெப்பத்தைக் கடந்தபின் நொதியின் வடிவம் குலைந்து அது பயனற்றுப் போகிறது.”

ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் இன்னொரு சொல்லை வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். வாக்கியம் தொடங்கும் இடம், நடுவில் காற்புள்ளி, முடியும் இடம் எல்லாம் மூலத்தில் இருந்தபடியேதான் இருக்கின்றன. மூன்று பாராவையும் இப்படியே மாற்றி, மற்ற ஒப்புமைகளையும் கொஞ்சம் சரிசெய்து, எழுத்துப் பயிற்சி மையத்தில் கொடுத்து ஒப்புமை அறிக்கை எடுக்கச் சொன்னேன். என் பழைய பிரதியை விலக்கிவிட்டு, புதியதைச் சேமிக்காமல் எடுத்துத் தந்தார்கள். 17 சதவீதம். மென்பொருள் பார்ப்பது அடுத்தடுத்து வரும் சொற்கள் வேறொரு பிரதியில் அதே வரிசையில் இருக்கின்றனவா என்பதைத்தான். சொல்லை மாற்றியதும் வரிசை உடைந்துவிட்டது, நிறமும் மறைந்துவிட்டது. முதல் பிரதியிலாவது எங்கிருந்து எடுத்தேன் என்பது திறந்த கண்ணுக்குத் தெரிந்தது. இதில் அதையும் மறைத்துவிட்டேன்.

மையத்தில் இருந்த அக்கா அறிக்கையைப் பார்க்கவில்லை. மூலக் கட்டுரையையும் என் பாராவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தார். பிறகு, “இதுக்குப் பேரே இருக்கு” என்றார். எழுத்துப் பயிற்சி ஆய்வாளர் ரெபெக்கா மூர் ஹவர்ட் 1990-களில் இதைப் பேட்ச்ரைட்டிங் என்று அழைத்திருக்கிறார்: மூலத்தை எடுத்துக்கொண்டு சில சொற்களை நீக்குவது, இலக்கணத்தைக் கொஞ்சம் திருப்புவது, ஒரு சொல்லுக்கு இன்னொரு சொல்லை வைப்பது. மூலம் முழுசாகப் புரியாதபோது மாணவர்கள் இப்படித்தான் செய்கிறார்கள் என்று அக்கா விளக்கினார். அப்புறம் கட்டுரையை மூடிவிட்டு, “உன் சோதனையில் என்ன நடந்தது, சொல்லு” என்று கேட்டார். என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை.

வீட்டுக்கு வந்து ஆய்வகக் குறிப்பேட்டைத் திறந்தேன். அமைலேஸ் மாவுச்சத்தை உடைக்கும். மாவுச்சத்து இருக்கும்வரை அயோடின் சொட்டினால் கருநீலம் வரும், உடைந்து தீர்ந்தால் அயோடினின் பழுப்பு மஞ்சள் அப்படியே நிற்கும். 20 டிகிரியில் நீலம் வராமல் போக 9 நிமிடம் ஆனது, 40 டிகிரியில் 3 நிமிடம். 5 டிகிரிக் குழாயிலும் 70 டிகிரிக் குழாயிலும் 15 நிமிடம் கழித்தும் நீலம்தான். இந்த இரண்டையும் சேர்த்து என் முதல் பிரதியில், குளிரிலும் சூட்டிலும் நொதி செயலிழக்கிறது என்று ஒரே வரியில் எழுதியிருந்தேன்.

அதே பக்கத்தின் கீழே, நீங்கள் கடைசி நேரத்தில் செய்யச் சொன்ன ஒரு சோதனையின் முடிவு இருந்தது. 5 டிகிரிக் குழாயையும் 70 டிகிரிக் குழாயையும் 40 டிகிரித் தண்ணீரில் வைத்துப் பார்த்தோம். குளிரில் இருந்தது சில நிமிடங்களில் நீலத்தை இழந்துவிட்டது. சூட்டில் இருந்தது கடைசிவரை மாறவே இல்லை. அதாவது குளிரில் நொதி மெதுவாகிறது, கெடுவதில்லை. 70 டிகிரியில் அதன் வடிவமே சிதைந்துவிடுகிறது, ஆறவைத்தாலும் பழைய வடிவம் திரும்பவில்லை. எங்கள் சோதனையிலேயே மிக முக்கியமான முடிவு இது. இதை நான் அறிக்கையில் எழுதவே இல்லை. கடன் வாங்கிய பாராவில் இதற்கு இடம் இருக்கவில்லை, ஏனென்றால் அந்தக் கட்டுரை ஆசிரியர் என் குழாய்களைப் பார்த்தவர் இல்லை.

இணைப்பில் இருக்கும் பிரதியை இந்தப் பக்கத்திலிருந்துதான் எழுதினேன். ஒவ்வொரு கட்டுரையிலும் தேவையான பகுதியைப் படித்து, மூடி வைத்து, நினைவிலிருந்து எழுதி, பிறகு திறந்து விவரம் சரியா என்று பார்த்தேன். மூன்று நான்கு சொற்களுக்கு மேல் தொடர்ந்து ஒத்துவந்த இடங்களை, கலைச்சொற்கள் நீங்கலாக, மறுபடி எழுதினேன். மூலக் குறிப்பு பாராவின் கடைசியில் இல்லாமல், எந்த வாக்கியத்துக்கு உரியதோ அந்த வாக்கியத்திலேயே இருக்கிறது. ஆசிரியரின் சொற்களே வேண்டியிருந்த ஒரே ஒரு வரியை இரட்டை மேற்கோளுக்குள் பக்க எண்ணோடு வைத்திருக்கிறேன். செய்முறையைக் கையேட்டைச் சுட்டிச் சுருக்கிவிட்டு, நாங்கள் அதிலிருந்து மாற்றிச் செய்ததை மட்டும் விரிவாகச் சொல்லியிருக்கிறேன்.

இதே மையத்தில் எடுத்த அறிக்கையில் இந்தப் பிரதிக்கு 21. புதிதாக இரண்டு கட்டுரைகளைச் சேர்த்ததால் துணைநூற்பட்டியல் 11 ஆகிவிட்டது. வினா 4, மேற்கோள் 1. மிச்சம் 5-இல் பெரும்பாலும் செய்முறையும் ‘வெப்பநிலையைப் பொறுத்து வினையின் வேகம்’ போன்ற தொடர்களும்தான். வினாவை நீக்கி, பட்டியலை வெட்டினால் நீங்கள் கேட்ட எண்ணுக்குக் கீழே சுலபமாக வந்துவிடும். ஆனால் படித்த கட்டுரையைப் பட்டியலிலிருந்து எடுப்பது சரியில்லை என்று தோன்றியதால் அப்படியே விட்டிருக்கிறேன்.

உங்களிடம் கேட்பது இதுதான். என் முதல் பிரதி மென்பொருளின் சேமிப்பில் இருக்கிறது. மறுசமர்ப்பிப்புக்குத் தனி இணைப்பு கொடுத்திருப்பதால், புதியதை அதில் ஏற்றியதும் அது என் பழைய பிரதியோடும் ஒப்பிடப்படும். தலைப்பு, அட்டவணை, முடிவு எண்கள் எல்லாம் ஒத்துப்போய் எண் பெரிதாகத் தெரியும். அறிக்கையில் அந்த ஒரு மூலத்தை விலக்கிவிட்டுப் பாருங்கள். பிறகு எண்ணை விட்டுவிட்டு, முன்னுரையையும் விவாதப் பகுதியையும் மட்டும் எடுத்து, நான் சுட்டியிருக்கும் கட்டுரைகளோடு பக்கத்தில் வைத்து வாசியுங்கள். இந்த மூன்று பாரா உண்மையில் என்னுடையவைதானா என்பது அங்கேதான் தெரியும்.

குழுவினரிடம் இன்னொன்று. அடுத்த பருவத்துக்கான அறிவிப்பில் ‘20-க்குக் கீழ்’ என்ற வரியை மட்டும் போடாதீர்கள். அதைப் படித்ததும் நான் முதலில் செய்தது சொற்களை மாற்றியதுதான். அது வேலையும் செய்தது. அன்று மையத்துக்குப் போகாமல் நேராகச் சமர்ப்பித்திருந்தால் 17 என்ற எண்ணோடு தேறியிருப்பேன், குளிர்ந்த குழாய்க்கும் சூடான குழாய்க்கும் வித்தியாசம் தெரியாமலே. ஒப்புமை எங்கெங்கே இருக்கிறது, ஒவ்வொன்றும் ஏன் வந்தது என்று மாணவரே ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும் என்று கேளுங்கள். எனக்கு அந்த ஒரு பக்கம் எழுத ஒரு மாலைதான் ஆனது.

தாமதத்துக்கும் முதல் பிரதிக்கும் நீங்கள் குறைக்கும் மதிப்பெண்ணை ஏற்றுக்கொள்கிறேன். திருத்திய பிரதி, ஒப்புமை அறிக்கை, 17 காட்டிய பிரதி, ஆய்வகக் குறிப்பேட்டின் அந்தப் பக்கத்தின் படம் நான்கையும் இணைத்திருக்கிறேன். நேரில் விளக்க வேண்டும் என்றால் எந்த நாள் சொன்னாலும் வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மாணவி