தொழில்வாதம் எங்கே உடைகிறது: அறவியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

கல்லூரிகளிலும் போட்டித்தேர்வு வகுப்புகளிலும் அறவியல் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். குடிமைப்பணி முதன்மைத் தேர்வில் 2013 முதல் அறவியலுக்குத் தனித்தாள் இருக்கிறது. தத்துவத்துறைக்கு வெளியே இருப்பவர்களும் இப்போது அரிஸ்டாட்டிலைப் படிக்கிறார்கள். அதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் மாணவர்களின் குறிப்பேடுகளில் அவருடைய முதன்மையான வாதம், மனிதனின் தொழில் எது என்று பார்த்து மனிதனின் நன்மையைக் காணும் ‘தொழில்வாதம்’, இரண்டே வரியில் கிடக்கிறது. ‘மனிதனை விலங்கிலிருந்து பிரிப்பது பகுத்தறிவு, ஆகவே பகுத்தறிவோடு வாழ்வதே மகிழ்ச்சி’ என்று ஒரு வரி. ‘மனிதனுக்கு மட்டுமே உரியவை வேறு பலவும் உண்டு, ஆகவே வாதம் செல்லாது’ என்று அடுத்த வரி. இப்படி நடத்தினால் வாதத்தின் வலுவும் மாணவருக்குத் தெரியாது, அதன் உண்மையான விரிசலும் தெரியாது. அந்த விரிசல் வேறோர் இடத்தில் இருக்கிறது என்பதைச் சொல்லவே இந்த மடலை எழுதுகிறேன்.

முதலில் வாதத்தை அதன் இடத்தில் வைத்துப் பார்ப்போம். அரிஸ்டாட்டிலின் நிக்கோமாக்கிய அறவியல் என்ற படைப்பின் முதல் நூல், ஏழாம் அத்தியாயம். மனிதர் அடையக்கூடிய உச்ச நன்மை ‘யூடைமோனியா’ என்று எல்லாரும் ஒப்புக்கொள்கிறார்கள். அது எது என்பதில்தான் ஒருவருக்கொருவர் முரண்படுகிறார்கள். இன்பம் என்கிறார் ஒருவர், புகழ் என்கிறார் மற்றவர். இந்தச் சொல் மனத்தில் தோன்றி மறையும் மகிழ்ச்சி உணர்வைக் குறிப்பதில்லை. ஒரு வாழ்க்கை முழுவதும் செழித்து நடப்பதைக் குறிக்கிறது. அதனால் நல்வாழ்வு என்றே இங்கே எழுதுகிறேன்.

அந்த நல்வாழ்வைத் தெளிவாக்க அரிஸ்டாட்டில் ஒரு வழி சொல்கிறார்: மனிதனின் தொழில் என்ன என்று பாருங்கள். பிழைப்புக்குச் செய்யும் வேலையை அவர் சொல்லவில்லை. கண்ணின் தொழில் பார்ப்பது என்கிறோமே, அந்தப் பொருளில் கேட்கிறார். குழல் வாசிப்பவர், சிற்பி என்று யாருக்கெல்லாம் ஒரு தொழில் உண்டோ அவர்களுடைய நன்மையும் ‘நன்றாக’ என்பதும் அந்தத் தொழிலிலேயே இருப்பதாகத் தோன்றுகிறது; மனிதனுக்கும் ஒரு தொழில் இருந்தால் அவனுக்கும் அப்படித்தான் என்கிறார். இந்த ஒரு வாக்கியத்தை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இதற்குத் திரும்பி வருவேன்.

அடுத்து அவர் கேட்கிறார்: தச்சனுக்கும் செருப்புத் தைப்பவனுக்கும் தொழில் உண்டு, மனிதனுக்கு மட்டும் இல்லையா? கண், கை, கால் ஒவ்வொன்றுக்கும் உண்டு, முழு மனிதனுக்கு இல்லையா? உண்டு என்றால் அது எது? உயிரோடிருந்து உண்டு வளர்வது செடிக்கும் பொது. புலன்களால் உணர்வது குதிரைக்கும் மாட்டுக்கும் பொது. எஞ்சுவது, பகுத்தறிவுடைய பகுதியின் செயல்வாழ்வு. யாழ் வாசிப்பவருக்கும் நல்ல யாழ் வாசிப்பவருக்கும் தொழில் ஒன்றே. பின்னவர் அதைச் சிறப்போடு செய்கிறார். ஆகவே மனிதனின் நன்மை, சிறப்புக்கு இயைந்த உயிரின் செயல்பாடு. சிறப்புகள் பல இருந்தால், அவற்றுள் மிக நல்லதும் முழுமையானதுமான சிறப்புக்கு இயைந்தது. அதுவும் ஒரு முழு வாழ்நாள் நெடுக. வாதம் இவ்வளவுதான்.

இது அவரே முதலில் கண்டதும் அல்ல. பிளேட்டோவின் ‘குடியரசு’ முதல் நூலின் முடிவில் அநீதியே லாபம் என்று வாதிடும் திராசிமாக்கஸிடம் சாக்ரட்டீஸ் இதே பாதையில்தான் பேசுகிறார். ஒன்றால் மட்டுமே செய்யக்கூடியது, அல்லது மற்றவற்றைவிட அதுவே நன்றாகச் செய்வது அதன் தொழில் என்று சொல்லி, கொடி கத்தரிக்கும் கத்தியை எடுத்துக்காட்டுகிறார். உயிரின் தொழில் கவனித்தல், ஆளுதல், ஆராய்தல், வாழ்தல். அதன் சிறப்பு நீதி. ஆகவே நீதிமான் நன்றாக வாழ்கிறான். சில வரிகளில் முடிவுக்கு ஓடிவிடுகிறார். அரிஸ்டாட்டில் அந்த ஓட்டத்தை நிறுத்தி, சிறப்பு என்றால் நீதிதான் என்று இந்த இடத்தில் சொல்லாமல் விடுகிறார். இதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். ஒரு போலிப் பத்திரக்காரரை எடுத்துக்கொள்வோம். யாருடைய நிலத்துக்கு வாரிசு இல்லை, எந்த ஆண்டு முத்திரைத்தாள் வேண்டும், எந்தச் சாட்சி இறந்துவிட்டார் என்று மாதக்கணக்கில் ஆராய்ந்து திட்டமிடுகிறார். அவரும் பகுத்தறிவைத்தான் பயன்படுத்துகிறார், திறமையாகவே. ஏழாம் அத்தியாயம் மட்டும் அவரைத் தவறென்று சொல்லாது. வெறும் சாமர்த்தியம் வேறு, விவேகம் வேறு, நற்குணம் இல்லாமல் விவேகம் அமையாது என்று ஆறாம் நூலில்தான் அரிஸ்டாட்டில் பதில் சொல்கிறார். அறத்தை நிறுவும் சுமை முழுவதையும் தொழில்வாதத்தின் தலையில் ஏற்றி, அது விழுந்துவிட்டது என்று சொல்வது நியாயமில்லை.

இனி அந்தப் பிரபலமான மறுப்பு. தத்துவவாதி பெர்னார்டு வில்லியம்ஸ் 1972இல் கூர்மையாகச் சொன்னது இது. தீ மூட்டுவதும், பருவம் பாராமல் உடலுறவு கொள்வதும், சூழலைப் பாழாக்குவதும், பொழுதுபோக்குக்காகக் கொல்வதும் மனிதனுக்கே உரியவைதாம். அவற்றையெல்லாம் விட்டுப் பகுத்தறிவை மட்டும் ஏன் பொறுக்க வேண்டும்? இதோடு இன்னொன்றையும் சேர்க்கலாம். பத்தாம் நூலில் தூய சிந்தனை தெய்வங்களுக்கும் உரியது என்று அரிஸ்டாட்டிலே சொல்கிறார். அப்படியானால் அது மனிதனுக்கு மட்டும் உரியதாக எப்படி இருக்கும்?

கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் அரிஸ்டாட்டில் மனிதனிடம் மட்டும் காணப்படும் வினோதங்களைத் தேடவில்லை. உயிர்கள் வாழும் முறைகளை அடுக்கிப் பார்க்கிறார். செடி ஒரு முறையில் வாழ்கிறது, விலங்கு வேறொரு முறையில், மனிதன் இன்னொரு முறையில். மேலடுக்கு வரும்போது கீழடுக்கின் தன்மையே மாறுகிறது. மனிதன் உண்ணும்போதும் எதை, எப்போது, யாரோடு, எவ்வளவு என்று காரணம் பார்த்து உண்கிறான். கிறிஸ்டீன் கோர்ஸ்கார்ட் வாதத்தை இந்த வகையில்தான் வாசிக்கிறார்: பகுத்தறிவு மனிதன் செய்யும் பல செயல்களில் ஒன்றாக நிற்காமல், மற்ற செயல்களையெல்லாம் அவன் செய்கிற விதமாகவே இருக்கிறது. இப்படி எடுத்துக்கொண்டால் தீ மூட்டுவதும் வேட்டையாடுவதும் பகுத்தறிவுக்குப் போட்டியாக நிற்பவை அல்ல. அது நன்றாகவோ மோசமாகவோ வெளிப்படும் இடங்கள் அவை. தெய்வங்கள் பற்றிய முரண் இதனால் முழுதும் தீராது. என்றாலும் வாதம் அதனால் விழுந்துவிடுவதில்லை.

உண்மையான விரிசல், அடிக்கோடிடச் சொன்ன அந்த வாக்கியத்தில் இருக்கிறது. பீட்டர் கிளாசன் 1957இல் ஒரு சிறு கட்டுரையில் அதைக் காட்டினார். யாழ் வாசிப்பவர் உதாரணம் நிறுவுவது, தொழிலைச் சிறப்பாகச் செய்பவர் நல்ல யாழ் வாசிப்பவர் என்பதை. அதே கணக்கில் மனிதத் தொழிலைச் சிறப்பாகச் செய்பவன் நல்ல மனிதன். அதுவரை சரி. ஆனால் முடிவு நல்ல மனிதன் யார் என்பதைப் பற்றியதாக இல்லை. மனிதனுக்கு நன்மை எது என்பதைப் பற்றியதாக இருக்கிறது. இரண்டும் ஒன்றாகுமா? யாழை அருமையாக வாசிப்பது வாசிப்பவருக்கு நன்மை தருமா என்பது தனிக் கேள்வி. விரல் தேய்ந்து, வறுமையில் அவர் வாசித்துக்கொண்டிருக்கலாம். நன்மை தொழிலில் ‘இருக்கிறது’ என்ற தளர்வான சொல்லில் இரண்டு கேள்விகளும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன.

இந்த விரிசலைக் கண்முன் காட்ட வெளியிலிருந்து உதாரணம் கொண்டுவர வேண்டியதில்லை. அரிஸ்டாட்டிலே கொடுத்திருக்கிறார். மூன்றாம் நூலின் ஒன்பதாம் அத்தியாயத்தில் வீரம் பற்றிப் பேசும்போது, ஒருவன் எவ்வளவுக்கு முழுமையான குணங்களும் நல்வாழ்வும் பெற்றிருக்கிறானோ அவ்வளவுக்குச் சாவு அவனுக்கு அதிக வேதனை தரும் என்கிறார். வாழத் தகுதி மிகுந்தது அப்படிப்பட்டவனுடைய வாழ்க்கைதான். மிகப்பெரிய நன்மைகளை இழக்கிறோம் என்று தெரிந்தே அவன் இழக்கிறான். ஆனாலும் அவன் போர்க்களத்தில் நிற்பான், அதனால் அவன் வீரம் கூடுமே தவிரக் குறையாது.

இந்த வீரனைத் தொழில்வாதத்தின் அருகில் நிறுத்திப் பாருங்கள். அவன் நல்ல மனிதன் என்பதில் ஐயமில்லை. பகுத்தறிவின்படி, சிறப்பின்படி செயல்படுகிறான். அந்தச் செயல் அவனுக்கு நன்மையா? ஆம் என்றால், அவன் இழப்பவை மிகப்பெரிய நன்மைகள் என்று அரிஸ்டாட்டில் ஏன் சொல்ல வேண்டும்? இல்லை என்றால், நல்ல மனிதனாகச் செயல்படுவதும் தனக்கு நன்மை அடைவதும் இங்கே பிரிந்துவிட்டன. ஓடிப்போய்ப் பிழைத்தவனின் வாழ்வு இழிந்த வாழ்வு, அதைவிடச் சிறிது காலம் உயர்வாக வாழ்வது மேல் என்று ஒன்பதாம் நூலை வைத்துப் பதில் சொல்லலாம். அரிஸ்டாட்டில் சார்பாகச் சொல்லக்கூடிய மிக நல்ல பதில் அதுதான் என்று நினைக்கிறேன். ஆனால் ‘முழு வாழ்நாள்’ என்று ஏழாம் அத்தியாயத்தில் அவரே போட்ட நிபந்தனையை அது கைவிடுகிறது.

கிளாசனுக்கு எதிராக ஜெனிஃபர் வைட்டிங் 1988இல் வாதத்தைக் காக்க எழுதினார். கைவினைஞர் உதாரணங்களைப் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள், உயிர்களைப் பாருங்கள் என்பது அவர் பதிலின் சாரம். தன் இனத்துக்குரிய தன்மையோடு ஓர் உயிர் செழித்திருப்பது, உடல்நலம் போல, அந்த உயிருக்கே நன்மை. ஒரு மரம் வேரோடி இலைவிட்டு நிற்பது மரத்துக்கே நல்லது. விரிசலைப் பெருமளவு இது மூடுகிறது என்பதே என் கருத்து. ஆனால் விலை கொடுத்துத்தான் மூடுகிறது. ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு நிலையான இயல்பு உண்டு, அதுவே அந்த இனத்தில் ஒவ்வொருவருக்குமான நன்மையை வகுக்கிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். டார்வினுக்குப் பிறகு அது எளிதான ஒப்புதல் அல்ல.

இயல்பு என்று வந்ததும் இன்னொரு கேள்வியைத் தவிர்க்க முடியாது: யாருடைய இயல்பு? ‘அரசியல்’ முதல் நூலில், அடிமைக்கு ஆராய்ந்து முடிவெடுக்கும் ஆற்றல் அறவே இல்லை, பெண்ணுக்கு உண்டு ஆனால் அதற்கு அதிகாரம் இல்லை என்கிறார் அரிஸ்டாட்டில். அறவியலின் பத்தாம் நூலில், அடிமைக்கு நல்வாழ்வில் பங்குண்டு என்று யாரும் சொல்வதில்லை என்று போகிறபோக்கில் எழுதுகிறார். மனிதனின் தொழில் என்று தொடங்கிய வாதம், ஏதென்ஸ் போன்ற நகரின் சுதந்திர ஆணின் தொழிலில் வந்து நிற்கிறது. அந்தக் காலம் அப்படி என்று சொல்லி இதைத் தாண்டிப்போகாதீர்கள். அதே ‘அரசியல்’ முதல் நூலில், அடிமைகளும் மனிதர்களே, பகுத்தறிவில் பங்குடையவர்களே, அவர்களுக்குச் சிறப்புகள் இல்லை என்பது விசித்திரமாக இருக்கும் என்று அவரே தடுமாறுகிறார். அந்தத் தடுமாற்றத்தில் தொழில்வாதமே அவருக்கு எதிராகத் திரும்பி நிற்கிறது. மனிதனாக இருப்பதாலேயே ஒருவனுக்கு இந்தத் தொழில் உண்டென்றால், அதைச் செய்யவிடாமல் அவனைக் கட்டிவைப்பதற்கு அந்த வாதத்துக்குள்ளேயே நியாயம் கிடையாது.

உங்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. ஏழாம் அத்தியாயத்தின் இரண்டு பக்கத்தை வகுப்பில் வாய்விட்டு வாசியுங்கள். அடுத்த வகுப்பில் மூன்றாம் நூலின் வீரனையும் ‘அரசியல்’ முதல் நூலின் அந்தப் பத்தியையும் அதன் பக்கத்தில் வையுங்கள். தேர்வில் ‘தொழில்வாதத்தை விளக்கி விமர்சிக்க’ என்று கேட்பதை விட்டு, அந்த வீரன் களத்தில் நின்றது அவனுக்கு நன்மையா என்று கேளுங்கள். பதில் எழுத இரண்டு பக்கமாவது கொடுங்கள். ஆம் என்று எழுதினாலும் இல்லை என்று எழுதினாலும், எந்தப் படியில் வாதத்தை ஏற்றார், எந்தப் படியில் விட்டார் என்று பார்த்து மதிப்பெண் போடுங்கள்.

அன்புடன்,
உங்களைப் போலவே அரிஸ்டாட்டிலைத் தமிழில் நடத்தும் ஓர் ஆசிரியர்