நீ அனுப்பிய உரையாடலைப் படித்து முடித்தேன்

கோயம்புத்தூர்
12 டிசம்பர் 2025

அன்புள்ள நண்பனுக்கு,

நலம். இங்கே பத்து நாளாகக் காலையில் நல்ல பனி. முழங்கால் வலி பரவாயில்லை. மாடிப்படி மட்டும்தான் இன்னும் தகராறு செய்கிறது. பேத்தி பள்ளிக்கூட நாடகத்தில் நடிக்கிறாள் என்று வீடே அவளைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. தங்கைக்கு இரத்த அழுத்த மாத்திரையை மாற்றியிருப்பதாக எழுதியிருந்தாய். இப்போது தலைசுற்றல் நின்றுவிட்டதா என்று மறக்காமல் எழுது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மரச்செக்குக் கடையில் உன்னோடு கூட்டுச் சேர்ந்தவருடன் நீ இரண்டரை ஆண்டுகளாகப் பேசிய வாட்ஸ்அப் உரையாடல் முழுவதையும் அச்செடுத்து, மூன்று இரவுகள் உட்கார்ந்து படித்தேன். ஆடிட்டர் அலுவலகத்தில் முப்பது ஆண்டுகள் பிறர் கணக்கைப் பார்த்தவன் நான். ஆனாலும் உன் எழுத்தை உன் பெயரோடு படித்தபோது கை நடுங்கியது. "அவன் ஏமாற்றுகிறானா, இல்லையா, அதை மட்டும் சொல்" என்று கேட்டிருந்தாய். அதற்கு என்னால் பதில் சொல்ல முடியாது. அவர் என்ன வாக்குக் கொடுத்தார், எதைக் கொடுக்கவில்லை என்று மட்டும் சொல்ல முடியும்.

முதல் இரவு பணத்தொகைகளை மட்டும் அடிக்கோடிட்டேன். இரண்டாவது இரவு வினைச்சொற்களை மட்டும் பார்த்தேன். அப்போதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவருடைய செய்திகளில் பணம், பங்கு, கணக்கு பற்றிய இடங்களிலெல்லாம் "கொடுத்துவிடலாம்", "பார்த்துக்கொள்ளலாம்", "எழுதிக்கொள்ளலாம்", "பிரித்துக்கொள்ளலாம்" என்றே இருக்கிறது. எண்ணினேன்: முப்பத்தொரு "லாம்". "கொடுக்கிறேன்", "தருவேன்" என்று தன்னை எழுவாயாக வைத்து அவர் எழுதியது நான்கே இடங்களில்தான். அதில் இரண்டு, எண்ணெய் டின்னை வீட்டுக்குக் கொடுத்தனுப்புவது பற்றி. நம் மொழியில் "லாம்" போட்டால் யார் செய்வது, எப்போது செய்வது என்று சொல்லவே வேண்டியதில்லை. கேட்பவன் காதில் அது வாக்குறுதி போல விழும்; சொன்னவனுக்கோ அது ஒரு யோசனைதான். அவர் திட்டமிட்டு அப்படி எழுதினார் என்று நான் நினைக்கவில்லை. நாம் எல்லோரும் அப்படித்தான் பேசுகிறோம். ஆனால் ஆறு லட்சம் ரூபாய் அந்த ஈற்றில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

அடுத்தது, அந்த ஆறு லட்சத்துக்கு என்ன பெயர் என்பது. 2023 செப்டம்பரில் வங்கி வழியாக இரண்டு தவணையாக நான்கு லட்சமும், அக்டோபரில் ரொக்கமாக இரண்டு லட்சமும் கொடுத்திருக்கிறாய். ரொக்கத்துக்கு உன்னிடம் இருக்கும் ஒரே ஆதாரம், அன்று மாலை அவர் அனுப்பிய "வந்தது" என்ற ஒற்றைச் சொல். என்ன வந்தது, எவ்வளவு வந்தது என்று இல்லை. பிறகு அவர் அந்தப் பணத்தை ஓரிடத்தில் "உன் முதல்" என்கிறார், இன்னோரிடத்தில் "நீ கொடுத்த கைமாற்று" என்கிறார், போன தீபாவளிக்கு "உன் பங்கு" என்கிறார். மூன்றும் மூன்று வேறு பொருள். கைமாற்று என்றால் கடன்; கடை நட்டப்பட்டாலும் அவர் உனக்குத் திருப்பித் தர வேண்டும். முதல் என்றால் நீ கூட்டாளி. நட்டத்தில் உனக்கும் பங்கு உண்டு, கடையின் கடன்காரன் உன் வீட்டுக்கும் வரலாம். லாபத்தில் ஒரு பகுதி வாங்குகிறாய் என்பதாலேயே நீ கூட்டாளி ஆகிவிடுவதில்லை என்று 1932ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டம் 6ஆம் பிரிவில் சொல்கிறது. கடையின் ஜிஎஸ்டி பதிவும் உணவு உரிமமும் வங்கிக் கணக்கும் அவர் ஒருவர் பெயரில்தான் இருக்கின்றன. வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு அது அவருடைய தனிக்கடை.

கூட்டாளிதான் என்றே வைத்துக்கொள்வோம். எழுத்திலோ பேச்சிலோ நடத்தையிலோ வேறு உடன்பாடு இல்லையென்றால், அதே சட்டத்தின் 13ஆம் பிரிவு வெற்றிடத்தை நிரப்பும்: லாபமும் நட்டமும் சரிபாதி. நீ ஆறு லட்சம், அவர் இரண்டு லட்சம் போட்டது அங்கே கணக்கில் வராது. கடையை நடத்துவதற்காக எந்தக் கூட்டாளிக்கும் சம்பளம் கிடையாது. போட்ட முதலுக்கு வட்டியும் கிடையாது. இந்தச் சம்பள விஷயத்தை நினைவில் வைத்துக்கொள். உனக்கு வரும் தொகை ஏன் குறைந்தது என்பதற்கு இதில்தான் விடை கிடைக்கிறது.

"லாபத்தில் பாதிப் பாதி" என்று தொடக்கத்திலேயே இருவரும் ஒத்துக்கொண்டிருக்கிறீர்கள். பாதி தெளிவாக இருக்கிறது. லாபம் எது என்று ஒரு செய்தியிலும் இல்லை. அதனால் மூன்றாவது இரவு, அவர் 2024 ஏப்ரலில் படமெடுத்து அனுப்பிய நோட்டுப் பக்கத்தை எடுத்தேன். விற்பனை 2,40,000. கடலை, எள், கொப்பரை கொள்முதல் 1,65,000. வாடகை 12,000, கூலி 18,000, மின்சாரம் 5,000. மீதி 40,000. அந்த மாதம் உன் கணக்கில் வரவானது 20,000. சரியான பாதி.

ஜூலையில் விற்பனை பெரிதாக மாறவில்லை, ஆனால் வந்தது 10,000. ஏன் என்று நோட்டைப் பார்த்தால், கூலிக்குக் கீழே "எனக்கு 20,000" என்று ஒரு வரி புதிதாக முளைத்திருக்கிறது. 2025 ஜனவரியில் "மெஷின் தவணை 9,500" என்று இன்னொரு வரி. ஏப்ரல் கணக்கையே வைத்துப் போட்டுப் பார்: நாற்பதாயிரத்தில் இருபதும் ஒன்பதரையும் போனால் 10,500. அதில் பாதி 5,250. உன் பாஸ்புக்கில் அந்த மாதம் விழுந்தது ஏறக்குறைய அதேதான். விற்பனை குறையவில்லை. கடை நொடிக்கவில்லை. "லாபம்" என்ற சொல்லின் பொருள் இரண்டு முறை மாறியிருக்கிறது. இரண்டு முறையும் நீ "சரி" என்று பதில் அனுப்பியிருக்கிறாய்.

அவர் காலை ஏழிலிருந்து இரவு ஒன்பது வரை கடையில் நிற்கிறார். நீ மாதம் ஒரு முறை போகிறாய். சம்பளம் கேட்பது என் மனத்துக்கு நியாயமாகவே படுகிறது. ஆனால் கேட்டு, நீ ஒத்துக்கொண்டு, எழுதியிருக்க வேண்டும். தவணை வேறு விஷயம். அந்த மெஷின், அதாவது இரண்டாவது செக்கு, அவர் பெயரில் வாங்கியது. தவணையில் வட்டிப் பகுதி செலவு. அசல் பகுதி செலவே அல்ல, அது செக்காக அங்கே நிற்கிறது. அந்த அசலைப் பொது லாபத்திலிருந்து கழித்தால், அவர் பெயரில் இருக்கும் செக்குக்கு நீ பாதி விலை கொடுக்கிறாய். அந்தச் செக்கு யாருடையது என்று நீ கேட்ட அன்று அவர் பதில்: "நமக்குள் என்ன." அந்தச் செய்தியைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருக்கிறேன்.

இன்னொன்று: மாசியில் அறுவடைக் கடலையை மொத்தமாக வாங்கி அடுக்கியபோது அந்த மாதம் "லாபம் இல்லை" என்று எழுதியிருக்கிறார். மூட்டைகள் குடோனில் இருக்கின்றன. அது கையிருப்பு, ஆட்டி விற்ற பிறகுதான் செலவு. அடுத்த மாதங்களில் கொள்முதல் அந்த அளவுக்குக் குறைந்து காட்டப்பட்டதா என்று பார்க்க நோட்டுப் பக்கங்கள் இல்லை. "போனில் பேசிக்கொள்ளலாம்" என்று முடிந்த நாட்கள் அவை.

1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 29ஆம் பிரிவில், பொருள் நிச்சயமற்ற, நிச்சயப்படுத்தவும் முடியாத உடன்பாடு செல்லாது என்கிறது. அதற்கு அந்தச் சட்டமே தரும் எடுத்துக்காட்டு எண்ணெய். நூறு டன் எண்ணெய் விற்கிறேன் என்று ஒருவன் ஒத்துக்கொண்டால், எந்த எண்ணெய் என்று தெரியாததால் அது செல்லாது. ஆனால் அவன் தேங்காயெண்ணெய் மட்டுமே விற்பவன் என்றால், அவன் தொழிலே பொருளைச் சொல்லிவிடுகிறது, செல்லும். உன் உரையாடலிலும் அப்படி ஒரு துணை இருக்கிறது. தொடக்க மாதங்களில் சம்பளம் கழிக்காமல் பாதி கொடுத்த அந்த நடத்தை, "லாபம்" என்று நீங்கள் இருவரும் எதைப் புரிந்துகொண்டீர்கள் என்று காட்டுகிறது. ஏப்ரல் நோட்டுப் படம் உன் கையில் இருக்கும் மிக வலுவான தாள். அதற்கு எதிராக நிற்பது உன்னுடைய இரண்டு "சரி".

கோபத்தில் போனை மாற்றிவிடாதே. எனக்கு அனுப்பிய எழுத்துக் கோப்பை யாரும் திருத்தலாம், அதனால் மூலம் உன் போனில் இருக்க வேண்டும். நீதிமன்றம் வரை போனால் 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழும் கேட்பார்கள். மறையும் செய்தி வசதி இயங்கினால் இன்றே நிறுத்து. அவருடைய குரல்பதிவுகளைத் தனியாகச் சேமி. கோப்பில் அவை வரவில்லை. கெடு நாளையும் கவனி. திருப்பித் தரும் தேதி குறிக்காத கடனுக்கு, கொடுத்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள்தான் கெடு. இது கைமாற்றுதான் என்று அவர் நாளை சொன்னால், 2026 செப்டம்பர் தொலைவில் இல்லை. வாட்ஸ்அப் செய்தியில் அவர் ஒத்துக்கொண்டதை வைத்துக் கெடு நீளும் என்று நம்பி உட்காராதே. கையெழுத்திட்ட தாள் வேண்டும்.

வக்கீல் நோட்டீசுக்கு முன்னால் இதை அவருக்கு அனுப்பிப் பார்: "2023 செப்டம்பர், அக்டோபரில் நான் கடைக்கு முதலாகக் கொடுத்தது ரூ. 6,00,000, இதில் ரூ. 2,00,000 ரொக்கம். 2024 ஜூன் வரை உங்கள் சம்பளம் கழிக்காமல் லாபத்தைப் பாதியாகப் பிரித்தோம். ஜூலையிலிருந்து மாதம் ரூ. 20,000 சம்பளம் எடுக்கிறீர்கள். அது தொடர வேண்டுமா, இரண்டாவது செக்கு யாருடையது, இரண்டையும் பேசிப் பத்திரம் எழுத ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். இதில் தவறு இருந்தால் திருத்தி எழுதுங்கள்." முதல் என்று எழுதுவதால் நட்டத்துக்கும் நீ பொறுப்பேற்கிறாய். அது வேண்டாமென்றால் கடன் என்று எழுது, ஆனால் அப்போது லாபப் பாதியைக் கேட்கும் வாதம் மெலியும். இதை நீதான் முடிவு செய்ய வேண்டும், தங்கையோடும் பேசு.

பத்திரம் எழுதினால் கூட்டு நிறுவனப் பதிவாளரிடம் பதிவும் செய்துவிடுங்கள். கட்டாயமில்லை என்பார்கள். ஆனால் பதியாத கூட்டு நிறுவனத்தின் கூட்டாளி, ஒப்பந்த உரிமைக்காக மற்றவர் மேல் வழக்குத் தொடுப்பதைக் கூட்டாண்மைச் சட்டத்தின் 69ஆம் பிரிவு தடுக்கிறது. கூட்டைக் கலைத்துக் கணக்குக் கேட்க மட்டும் வழி விட்டிருக்கிறது.

பொங்கலுக்கு வருவதாகச் சொன்னாயே, வா. வரும்போது 2024, 2025 நோட்டுப் பக்கங்களின் படங்கள் எத்தனை இருந்தாலும் பெரிதாக அச்செடுத்துக்கொண்டு வா. வாசல் திண்ணையில் உட்கார்ந்து கடலைக் கொள்முதலை மாதவாரியாகப் பிரித்துப் போடலாம். நான் "போடலாம்" என்று எழுதிவிட்டேன், போட்டுத் தருகிறேன். தை மூன்றாம் நாள், காலை பத்து மணிக்கு.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்