தேர்வு நாளுக்கு ஒரு பக்கம்

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதமும், மகளுக்காக நீ தயாரித்த தேர்வு நாள் பட்டியலும் கிடைத்தன. இங்கே அனைவரும் நலம். ஓய்வு பெற்ற பிறகும் தேர்வறைக் கண்காணிப்புக்கு அழைத்தார்கள். மூன்று மணி நேரம் நிற்க முழங்கால் சம்மதிக்காததால் இந்த ஆண்டு மறுத்துவிட்டேன். நீ மாடி வீட்டுக்குக் குடிபோனதாக எழுதியிருக்கிறாய். படி ஏறி இறங்குவது உடம்புக்கு நல்லதுதான், முழங்கால் ஒத்துழைக்கும் வரை.

பட்டியலைப் பற்றி உள்ளதைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அது மிக நீளம். "தன்னம்பிக்கையுடன் இரு" என்றுகூட ஒரு வரி எழுதி, பக்கத்தில் டிக் அடிக்கக் கட்டமும் போட்டிருக்கிறாய். பையில் வைக்க முடியாததைப் பட்டியலில் சேர்த்து என்ன பயன்? இன்னொன்றையும் நீ யோசிக்கவில்லை: இந்தப் பக்கம் தேர்வறைக்குள் போக முடியாது. எழுதிய காகிதம் எதுவாக இருந்தாலும், அது வெறும் நேர அட்டவணையே ஆனாலும், கண்காணிப்பாளர் சந்தேகத்துடன்தான் பார்ப்பார். ஆகவே பக்கத்தில் உள்ளவற்றில் பாதி முந்தைய இரவே முடிந்துவிட வேண்டும், மீதி மனத்தில் ஏறிவிட வேண்டும்.

எடுத்துச் செல்லும் பொருட்களை, எந்த இடத்தில் தேவைப்படும் என்ற வரிசையில் எழுது. வாசலில் கேட்பது ஹால் டிக்கெட்டும் புகைப்பட அடையாள அட்டையும். இரண்டும் ஒரே உறையில் இருக்கட்டும். மேசைக்குத் தேவையானவை, உள்ளே இருப்பது தெரியும் பையில்: ஒரே நிற மையில் இரண்டு மூன்று பேனாக்கள், பென்சில், அழிப்பான், அளவுகோல். பேனா புதிதாக இருக்க வேண்டாம். இரண்டு பக்கமாவது எழுதிப் பழகியதாக இருக்கட்டும். முள் வைத்த சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றும் வேண்டும். ஸ்மார்ட் வாட்சைப் பல இடங்களில் வாசலிலேயே கழற்றச் சொல்வார்கள். சில தேர்வுகளில் எந்தக் கடிகாரத்துக்கும் அனுமதி இல்லை என்பதால் ஹால் டிக்கெட்டின் பின்பக்க விதிகளை ஒரு முறை படித்துவிடுங்கள். கால்குலேட்டருக்கு அனுமதி உண்டென்றால், சைன் 30 போட்டுப் பார்க்கச் சொல். 0.5 வந்தால் சரி. –0.988 வந்தால் அது ரேடியனில் நிற்கிறது. முக்கோணவியல் விடைகள் மொத்தமும் தவறிப்போக அது ஒன்றே போதும்.

இவை எல்லாம் முந்தைய இரவே பைக்குள் போய்விட வேண்டும். காலையில் பார்க்க வேண்டியது சட்டைப்பையையும் பெட்டியின் மூலையையும்தான். பழைய குறிப்புச்சீட்டு ஒன்று கிடந்து, அதற்காகப் பிள்ளைகள் அழுததைப் பார்த்திருக்கிறேன்.

இனி நேரத் திட்டம். நீ "பகுதி அ – 20 நிமிடம், பகுதி ஆ – 30 நிமிடம்" என்று எழுதியிருக்கிறாய். கணக்கு சரி, ஆனால் தேர்வறையில் அது உதவாது. பதற்றத்தில் இருப்பவளுக்கு 11.17-இலிருந்து 48 நிமிடத்தைக் கூட்டத் தோன்றாது. கால அளவை எழுதாமல், முடியும் மணியை எழுது.

அவள் தேர்வையே எடுத்துக்கொள்வோம். 180 நிமிடம், 100 மதிப்பெண். வினாத்தாளைப் படிக்க 10, கடைசியில் சரிபார்க்க 15 என ஒதுக்கினால் மீதி 155 நிமிடம். ஒரு மதிப்பெண்ணுக்குச் சுமார் ஒன்றரை நிமிடம். ஆனால் ஒரு மதிப்பெண் வினாவுக்கு அவ்வளவு வேண்டாம். இருபது வினாக்களுக்கு 20 நிமிடம் போதும், மிஞ்சுவதை நெடுவினாக்களுக்குத் தள்ளலாம். பத்துக் குறுவினாக்களுக்கு 30. ஐந்து மதிப்பெண் சிறுவினா ஆறு, ஒவ்வொன்றுக்கும் 8 வீதம் 48. பத்து மதிப்பெண் நெடுவினா மூன்று, 18 வீதம் 54. மொத்தம் 152, மூன்று நிமிடம் கையில் இருக்கிறது.

பத்து மணிக்குத் தொடங்கினால் பகுதி அ 10.30-க்கு முடிய வேண்டும், ஆ 11.00-க்கு, இ 11.48-க்கு, ஈ 12.42-க்கு. இந்த நான்கு நேரங்களை மட்டும் அவள் மனப்பாடம் செய்தால் போதும். வினாத்தாளில் எழுத அனுமதி இருந்தால், கைக்கு வந்தவுடன் ஒவ்வொரு பகுதியின் தலைப்புக்கு அருகிலும் அந்த மணியைப் பென்சிலால் குறிக்கட்டும். தேர்வு ஐந்து நிமிடம் தாமதமாகத் தொடங்கினால் அந்த ஐந்தை அப்போதே கூட்டிக் குறித்துவிடலாம்.

11.48 ஆகியும் ஒரு சிறுவினா மிச்சம் என்றால் என்ன செய்வது? பெரும்பாலான பிள்ளைகள் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். "இதை முடித்துவிட்டுப் போகிறேன்" என்று உட்கார்ந்து, நெடுவினாவின் நேரத்தைத் தின்றுவிடுவார்கள். நான் சொல்வது: வினா எண்ணை எழுதி, அரைப் பக்கம் இடம் விட்டு, அடுத்த பகுதிக்குப் போய்விட வேண்டும். விடையின் முதல் சில வரிகளில்தான் மதிப்பெண் எளிதாக விழும். கடைசி ஒன்றிரண்டு மதிப்பெண்ணுக்கு நேரம் அதிகம் பிடிக்கும். மூன்று நெடுவினாக்களையும் ஓரளவு எழுதி ஆளுக்கு 6 வாங்கினால் 18. இரண்டை மட்டும் அழகாக எழுதி 8 வீதம் வாங்கினால் 16, மூன்றாவது காலி. கடைசி 15 நிமிடம் சரிபார்ப்புக்கு என்று வைத்திருப்பது, உண்மையில் இப்படி விட்ட இடங்களை நிரப்பத்தான். கூடுதல் தாளில் பதிவெண் எழுதினோமா, வரிசையாகக் கட்டினோமா என்று பார்க்க இரண்டு நிமிடம் அதிலேயே அடங்கும்.

மனத்தை அமைதிப்படுத்த நீ எழுதியிருக்கும் பத்து நிமிடத் தியானம் வேண்டாம் என்று நினைக்கிறேன். பழக்கமில்லாதவளுக்கு அதுவே இன்னொரு தேர்வாகிவிடும். வினாத்தாள் வரும் முன் ஒரு நிமிடம் போதும். பாதம் இரண்டும் தரையில் படியட்டும். நான்கு எண்ணும் வரை மூக்கால் மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக விட வேண்டும். ஆறு முறை. மூச்சை விடும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே சற்றுக் குறையும். அதனால்தான் விடுவது இழுப்பதைவிட நீளம். வேகமாக, நெஞ்சு நிறைய இழுக்கக் கூடாது. அப்படிச் செய்தால் இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து தலை கிறுகிறுக்கும், விரல் நுனி மரத்தாற்போல் இருக்கும். பயம் கூடிவிட்டதென்று அவள் நினைத்துக்கொள்வாள். அப்படி ஆனால் எண்ணுவதை விட்டுச் சாதாரணமாக மூச்சு விடட்டும்.

நடுவில் ஒன்றும் நினைவுக்கு வராமல் போனால், பேனாவைக் கீழே வைத்து, விரல்களை ஒரு முறை விரித்து மடக்கி, இரண்டு மூச்சு. பிறகு தெரிந்த வேறொரு வினாவுக்குப் போகட்டும். மறந்தது பெரும்பாலும் வேறு எதையாவது எழுதிக்கொண்டிருக்கும்போது தானே வரும்.

பக்கத்தின் பின்புறத்தைக் காலியாக விடு. தேர்வுக்குச் சற்று முன் பத்து நிமிடம் தன் பயங்களை எழுதிய மாணவர்கள் மேலான மதிப்பெண் பெற்றதாக 2011-இல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. பின்னர் செய்த ஆய்வுகள் எல்லாம் அதே பலனைக் காட்டவில்லை. ஆனாலும் அவள் விரும்பினால் வாசலில் காத்திருக்கும்போது எழுதட்டும். அந்தக் காகிதத்தை உன்னிடமே கொடுத்துவிட்டுப் போகட்டும். நீ அதைப் படிக்காதே.

அடுத்த மாதிரித் தேர்வில் இதே நான்கு நேரங்களையும் அந்த ஒரு நிமிட மூச்சையும் பழக்கிப் பாருங்கள். மதிப்பெண்ணை எனக்கு எழுத வேண்டாம். பகுதி இ எத்தனை மணிக்கு முடிந்தது என்று மட்டும் எழுது. 11.48-ஐத் தாண்டியிருந்தால் சிறுவினாவுக்கு 8 நிமிடம் அவளுக்குப் போதவில்லை என்று பொருள். எங்கிருந்து குறைக்கலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்